பூட்டிய திரையில் என் எண்

அக்காவின் போன் பூட்டிக் கிடக்கும்போதும் என் எண் வெளியே தெரியும்படி செய்து வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடந்ததைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் போனைத்தான் திட்டுகிறார்கள். போன் பாவம். அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் ஒருவன் இருந்தான், அவனைப் பற்றித்தான் இது.

அக்காவும் மச்சானும் அக்குறணையைத் தாண்டி, மாத்தளை வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பதினைந்து நிமிடம் மேலே ஏறினால் வரும் வீட்டில் இருக்கிறார்கள். நெஞ்சில் மூன்று குழாய் அடைபட்டவருக்கு ஏற்ற இடம் இல்லை. ஆனால் வீடு கட்டும்போது மச்சானின் நெஞ்சை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. பைபாஸ் செய்ய வேண்டும் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "கூப்பிடுவோம்" என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லை நம்பி, வீட்டில் இருந்த ஒரே போனை அக்கா குளியலறை வரை கொண்டுபோவாள்.

பதிவுப் படிவத்தில் இரண்டாவது எண்ணுக்கும் ஒரு கோடு இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "என்னுடையதைப் போடாதீங்க, பகல்ல வேலையில இருப்பேன், எடுக்க ஏலாது" என்றேன். நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்களைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்றுகிறவன். பகலில் ஒரு போனை எடுத்தால் எவரும் பிறக்காமல் போய்விட மாட்டார்கள். ஆனாலும் அப்படிச் சொன்னேன். அக்கா அந்தக் கோட்டை வெறுமையாக விட்டாள்.

பூட்டிய திரை விஷயம் அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கட்டாரிலிருக்கும் அவள் மகன் வீடியோவில் சொல்லியிருக்கிறான்: "அம்மா, போன் தொலைஞ்சா எடுக்கிறவன் நமக்குச் சொல்ற மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கு, மாமாகிட்ட கேட்டுச் செஞ்சுக்கங்க." பக்கத்து வீட்டு டீச்சரின் போன் பஸ்ஸில் தவறி, அப்படித்தான் திரும்பி வந்ததாம். குடும்பத்தில் போன் தெரிந்தவன் என்ற பட்டம் எனக்கு எப்படியோ கிடைத்திருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம், தெரியாத பொத்தானை அழுத்தப் பயப்படாமல் இருப்பது மட்டும்தான்.

"யாரு நம்பரப் போடணும்?" என்று கேட்டேன்.

"ஒங்க மச்சான் நம்பரத்தான் போடணும். புருஷன் உசுரோட இருக்கப்ப வேற யாரு நம்பரப் போடுவாங்க?"

பெயர்ப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். மச்சான் பெயருக்கு நேரே ஓர் எண் இருந்தது. அது அந்தப் போனின் எண்ணேதான்.

"அக்கா, இது இதே போன் நம்பர்."

"ஆமா. ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே."

"போன எடுத்தவன் இந்த நம்பருக்கு அடிச்சா அவன் கையில இருக்கிறதுக்கே அடிக்கணும். பிஸின்னு வரும்."

கதிரையில் சாய்ந்திருந்த மச்சான் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "முப்பத்தஞ்சு வருஷமா எனக்கு அப்படித்தான் வருது."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. "அப்ப மகன் நம்பர்."

அதுவும் சரிவராது என்று விளக்கினேன். பூட்டிய திரையிலிருந்து எடுக்கும் அழைப்பு இந்த சிம்மிலிருந்துதான் போகும். கட்டாருக்குப் போக இதில் காசு இருக்காது. வழியில் கண்டெடுத்தவன் தன் காசில் கட்டாருக்கு எடுப்பான் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. உள்ளூரில் இருக்கிற, கூப்பிட்டால் எடுக்கக்கூடிய ஆள் வேண்டும்.

கூப்பிட்டால் எடுக்கக்கூடிய ஆள். இந்தச் சொற்களை என் வாயால்தான் சொன்னேன்.

"அப்ப நீதான்" என்றாள் அக்கா.

அமைப்புகளுக்குள் போய், பாதுகாப்பும் அவசரமும் என்ற பகுதியைத் திறந்து, பெயர்ப் பட்டியலிலிருந்து என்னைத் தேர்ந்தெடுத்து, பூட்டிய திரையிலும் காட்டு என்ற விசையைப் போட்டேன். இரத்த வகை, நோய், மருந்து எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. "எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது அக்குறணை முழுக்கத் தெரியணுமா?" என்று அதை விடச் சொன்னாள். திரையிலேயே ஒரு வரி எழுதி வைக்கலாம், யாரும் எதையும் தேட வேண்டியதில்லை என்றேன். அங்கே பேரன் படம் இருந்தது. எழுத்து அவன் நெற்றியில் வரும் என்று அதையும் மறுத்துவிட்டாள்.

பிறகு போனைப் பூட்டி அவள் கையில் கொடுத்துப் பரீட்சை வைத்தேன். "இப்ப நீங்க இதக் கண்டெடுத்த ஆள். கடவு எண் தெரியாது. மேல தள்ளுங்க. கீழ அவசர அழைப்புன்னு இருக்கா? அதத் தொடுங்க. இப்ப அவசரத் தகவல். ரெண்டு தரம் தொடணும். அங்க யாரு பேரு?"

"தம்பி."

"அதத் தொடுங்க."

மேசை மேல் இருந்த என் போன் அடித்தது. என் திரையில் "அக்கா" என்று வந்தது. இது எதிர்பாராதது இல்லை, அவளுடைய போனிலிருந்துதானே வருகிறது. ஆனால் அந்த நேரத்தில் இதை இன்னும் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும் என்று பிறகு பல தரம் யோசித்திருக்கிறேன்.

"அட, பூட்டிக் கெடக்கறப்பவே போகுதே!" என்று அக்கா சந்தோஷப்பட்டாள். நான் சிவப்பைத் தொட்டு அழைப்பை வெட்டினேன்.

எங்கள் குடும்பத்தில் வெட்டுவதற்கு ஒரு பொருள் உண்டு. நிமிடத்துக்குக் காசு பார்த்த காலத்தில் தொடங்கிய பழக்கம். அக்கா எங்காவது போய் வீடு சேர்ந்தால் எனக்கு ஒரு ரிங் கொடுப்பாள். நான் எடுக்கக் கூடாது. சிவப்பைத் தொட்டு வெட்ட வேண்டும். ரிங் என்றால் "வந்து சேர்ந்துட்டேன்". வெட்டு என்றால் "சரி, விளங்கிச்சு". ஒரு சல்லி செலவில்லாமல் இரண்டு பேர் பேசி முடித்துவிடுவோம். இப்போது அவளிடம் மாதம் முழுக்கப் பேசக்கூடிய பெக்கேஜ் இருக்கிறது. ஆனாலும் அந்த ரிங் நிற்கவில்லை. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. அக்காவோடு பேசுவதில் எனக்குப் பிடித்த பகுதி அந்த வெட்டுதான்.

ஏனென்றால் மற்ற நேரங்களில் அவள் பேசுவாள். தேங்காய்ச் சம்பலுக்கு மிளகாய் கூடிவிட்டது, டீச்சரின் நாய் குட்டி போட்டிருக்கிறது, மச்சான் முட்டை தின்னவில்லை, நேற்றுத் தின்ன மறுத்ததை இன்றைக்கும் மறுக்கிறார். இரண்டாவது ரிங் வந்தால் அது கதைக்கிற ரிங். அதை நான் எடுப்பதும் உண்டு, எடுக்காததும் உண்டு. போதாததற்கு அந்த அழைப்புகளைப் பற்றி நகைச்சுவைக் கட்டுரை ஒன்றும் எழுதியிருந்தேன். எழுதியவற்றிலேயே அதிகம் பேர் பாராட்டியது அதைத்தான். சந்தியில் பார்த்தால் "அக்கா எப்படி, இன்னும் ரிங் குடுக்கிறாவா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அக்காவிடம் அந்தக் கட்டுரையை நான் காட்டவில்லை.

அது ஒரு புதன்கிழமை. என்னுடைய கட்டுரைகள் புத்தகமாக வர இருந்தன. பிலிமத்தலாவையில் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து கடைசிப் படியில் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாளிரவு அக்கா சொல்லியிருந்தாள்: "நாளைக்கு அக்குறணைக்குப் போய் அவருக்கு மாத்திரை வாங்கிட்டு நேரா வீட்டுக்கு வந்துருவேன். வந்து ரிங் தாறேன்."

மதியம் ஒன்றே முக்கால் போல என் போன் அதிர்ந்தது. "அக்கா" என்று வந்தது. நான் கையிலிருந்த சிவப்புப் பேனாவை வைக்காமலே சிறுவிரலால் சிவப்பைத் தொட்டேன். வந்து சேர்ந்துவிட்டாள். நல்லது.

இரண்டு நிமிடத்தில் மறுபடியும் "அக்கா". கதைக்கிற ரிங். நான் எந்தப் பக்கத்தில் இருந்தேன் என்பதைச் சொல்லாமல் விடலாம், ஆனால் சொல்கிறேன். அக்காவின் அழைப்புகள் பற்றிய அந்தக் கட்டுரையில்தான் இருந்தேன். தவறாக ஒற்று மிகுந்திருந்த ஓரிடத்தைச் சுழித்துக்கொண்டே இரண்டாவதையும் வெட்டினேன். அச்சக முதலாளி தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"வீட்டிலருந்தா?"

"இந்தக் கட்டுரையின் கதாநாயகி" என்றேன். அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு தெரியாத எண் ஒன்று வந்தது. தெரியாத எண்ணை நான் எடுப்பதில்லை. காப்புறுதிக்காரர்கள், காணி விற்கிறவர்கள், பரிசு விழுந்திருக்கிறது என்று சொல்கிறவர்கள். அது அடித்து ஓய்ந்தது. இன்னும் ஒரு தரம் வந்தது. போனைச் சத்தமில்லாமல் போட்டுக் கவிழ்த்து வைத்தேன்.

தெரிந்த எண்ணை இரண்டு தரம் வெட்டி, தெரியாத எண்ணை இரண்டு தரம் எடுக்காமல் விட்டு, மூன்றரை மணிக்குள் ஐம்பத்திரண்டு பிழைகளைக் கண்டுபிடித்தேன்.

ஐந்தரைக்குக் கண்டி பஸ்ஸில் பேராதனையைத் தாண்டும்போது போனைத் திருப்பிப் பார்த்தேன். அதே தெரியாத எண்ணிலிருந்து மொத்தம் ஆறு தவறிய அழைப்புகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழாவது வந்தது. இந்தத் தரம் எடுத்தேன். எடுத்தது நல்ல எண்ணத்தில் இல்லை.

"ஹலோ, எனக்கு ஒரு காப்புறுதியும் வேணாம். ஏற்கெனவே இருக்கிறதே கட்டி முடியல்ல. இனி எடுக்காதீங்க."

"சேர், நான் அக்குறணையில பாமசி வச்சிருக்கேன். ஒங்கட அக்காவோட போன் எங்கட கடையில ஈக்கி."

ஓர் ஆண் குரல், 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்றும் 'சொல்லு' என்பதை 'செல்லு' என்றும் சொல்கிற அக்குறணைப் பேச்சு. கோபமில்லாத குரல். கோபமாக இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அவர் சொன்னதைக் கோவையாகச் சொல்கிறேன். மாத்திரைச் சீட்டின் படம் அக்காவின் போனில் இருந்திருக்கிறது. ஒரு மாத்திரை எங்கும் இல்லாததால் மூன்று பாமசிகளில் ஏறி இறங்கிக் காட்டியிருக்கிறாள். இவருடைய கடையில் மேசை மேல் வைத்துவிட்டு, மருந்துப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெட்டிகளுக்கிடையில் அது கிடந்ததை இவர் கண்டது, அது அடிக்கத் தொடங்கியபோதுதான். பூட்டிய போனாக இருந்தாலும் வருகிற அழைப்பை எவரும் எடுக்கலாம். இவர் எடுத்திருக்கிறார்.

"ஆஸ்பத்திரியில இருந்து எடுத்தாங்க சேர். வாட்டுல சிஸ்டர். நாளைக்கு ஒப்பரேஷன் லிஸ்டுல ஒருத்தருக்குக் காய்ச்சலாம், எடம் ஒண்டு ஈக்கி எண்டு சென்னாங்க. மச்சானை இண்டைக்கு நாலு மணிக்குள்ள கொண்டுவந்து சேர்க்கணும். ஒரு மணித்தியாலத்துல வாறமா இல்லையா எண்டு சென்னாப் போதும் எண்டாங்க. இல்லாட்டி அடுத்த பேருக்குக் குடுக்கணுமாம்."

"நான்..." என்றேன்.

"நான் அவங்ககிட்ட, இது எங்கட போன் இல்ல, ஆளைப் புடிச்சித் தாறேன், கொஞ்சம் வச்சிருங்க எண்டு சென்னேன். ஒடனே அவசரத் தகவல்ல போய்ப் பாத்தேன். தம்பி எண்டு ஈந்திச்சி. சந்தோசமாப் போச்சு. ரெண்டு தரம் எடுத்தேன். வெட்டினீங்க. மீட்டிங்ல ஈக்கிறீங்களாக்கும் எண்டு நினைச்சேன். பொறகு நம்பரப் பாத்து எங்கட போன்ல இருந்து எடுத்தேன்."

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"சிஸ்டர் மறுபடி ரெண்டே முக்காலுக்கு எடுத்தாங்க. இன்னும் கெடைக்கல்ல எண்டேன். சரி, பரவாயில்ல எண்டு வச்சிட்டாங்க."

அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் என்ன செய்திருக்கலாம் என்பதை நான் கற்பனை செய்ய வேண்டியதே இல்லை. டீச்சர் வீட்டு எண் என்னிடம் இருந்தது. டீச்சரின் தாய் பகல் முழுக்க வீட்டில்தான். "மச்சானை வெளிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க" என்று ஒரு வாக்கியம். அக்குறணைச் சந்தியிலிருந்து மேலே போக ஓட்டோ உண்டு. மூன்றரைக்கு அவர் ஆஸ்பத்திரி வாசலில் இருந்திருப்பார். இதற்கு வேண்டியிருந்தது என் சிறுவிரல் சிவப்பைத் தொடாமல் பச்சையைத் தொடுவது.

"அக்கா எங்க?" என்று கேட்டேன்.

அக்கா நேரே வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸில் யாரோ, அவளோடு முன்பு தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் இறந்துபோனதாகச் சொல்லியிருக்கிறார்கள். சாவு வீடு இருக்கிற வழியில் இறங்காமல் போக முடியாது என்று இறங்கிவிட்டாள். வீட்டுக்கு வர நாலரை. எனக்கு ரிங் கொடுக்கப் பையில் கையை விட்டபோதுதான் போன் இல்லாதது தெரிந்திருக்கிறது. டீச்சரின் போனிலிருந்து தன் எண்ணுக்கு எடுக்கச் சொல்ல, பாமசிக்காரர் எடுத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

"இந்தா, அக்காவும் வந்துட்டாங்க. பேசுங்க சேர்."

"டேய்" என்றாள் அக்கா. ஏறி இறங்கி வந்த மூச்சு வாங்கியது.

"அக்கா, நீங்க வீட்டுக்குப் போய் ரிங் குடுத்தீங்கன்னுதான் நான்..."

"ம்."

"அதான் வெட்டினேன்."

"ரெண்டாவது?"

பஸ் கன்னொறுவைப் பக்கம் திரும்பும் சந்தியில் நின்றது. யாரோ இறங்கினார்கள். அந்த இரண்டாவது பற்றி அவள் அன்றைக்குக் கேட்டதோடு சரி. அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது ஒரு பொய் தயாராக இருந்திருக்கும், எனக்கு அதில் பழக்கம் உண்டு.

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மச்சானையும் கூட்டிக்கொண்டு, உடுப்புப் பையோடு, ஒருவேளை இடம் கிடைத்தால் என்று. வாட்டில் இருந்த சிஸ்டர் அக்காவை நன்றாகவே நடத்தினார். சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, நான் இரண்டு தரம் எடுத்தேன். கடைக்காரர் ஒருவர் பாவம், அலைந்தார். அந்த இடத்தை மாலையே கொடுத்துவிட்டோம். அந்த ஆளை இப்போது உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள்." நான் மொழிபெயர்ப்பாளன் என்பதால் இதை அக்காவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் சொன்னேன். ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும் போல இருந்தது.

மச்சான் நீண்ட மர வாங்கில் உட்கார்ந்து பையை மடியில் வைத்திருந்தார். "பரவாயில்ல, நான் இன்னும் முடி வெட்டல்ல" என்றார்.

சிஸ்டர் கோப்பைத் திறந்து விரலை ஓரிடத்தில் வைத்தார். "இரண்டாவது எண் ஒன்று இருந்தால் எங்களுக்கும் நல்லது. ஏன் எழுதவில்லை?"

எங்கள் இருவருக்கும் ஏன் என்று தெரியும்.

நான் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தேன். அக்கா பையைத் திறந்தாள். மருந்து வாங்கிய காகிதப் பையின் மூலையில் கடையின் எண் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே பாமசிக்காரர் தன் கையால் இன்னோர் எண்ணை எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் காகிதத்தைச் சிஸ்டரிடம் நீட்டினாள்.

"இது யார், உறவா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"போன் எடுக்கிற ஆள்" என்றாள் அக்கா சிங்களத்தில்.

அதைக் கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். அவள் விபரம்தான் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு நான் போனேன். போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு பொருள் வந்துவிடும். சாப்பாடு முடிந்ததும் அக்கா போனை என் முன்னால் வைத்தாள்.

"அந்த எடத்துல பேர மாத்திக் குடு. எனக்கு அது வரமாட்டேங்குது. முயற்சி பண்ணிப் பாத்தேன்."

"யாரப் போடணும்?"

அவள் காகிதத்தைக் காட்டினாள். கேட்டதே அதிகம்.

பட்டியலில் முதலில் பெயரைச் சேர்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அவசரத் தொடர்பாகத் தேர்ந்தெடுக்க முடியும். பாமசிக்காரரின் எண்ணைச் சேமித்தேன். பிறகு பாதுகாப்பும் அவசரமும். அங்கே என் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. அதைத் தொட்டால் நீக்கவா என்று ஒரு கேள்வி கேட்கிறது. அந்தத் திரையை வடிவமைத்த ஆளுக்கு அதில் வேறு ஒன்றும் தோன்றியிருக்காது. நான் ஆம் என்றேன். குடும்பத்தில் வேறு யாருக்கும் தெரியாத வேலை இது. என்னை எடுத்துவிடுவதற்கும் என்னைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"ரெண்டு பேர் பேரும் போடலாம்" என்றேன். உண்மைதான். ஒன்றுக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்கலாம். "நானும் இருக்கட்டும், கீழ."

"வேணாம். எடுக்கிறவன் மொதல்ல ஒம்பேரத்தான் பாப்பான்."

"மேல அவரு பேருதான் வரும்."

"வேணாம்டா."

போனைப் பூட்டி, முன்பு செய்தது போல அவளிடம் கொடுத்தேன். மேலே தள்ளினாள், தொட்டாள், இரண்டு தரம் தொட்டாள், அழைத்தாள். அக்குறணையில் அது இரண்டாவது ரிங்கில் எடுக்கப்பட்டது.

"செல்லுங்க அக்கா, அண்ணனுக்குச் சுகமா?"

"சுகம் தம்பி. ஒண்ணுமில்ல, சும்மா வேல செய்யுதான்னு பாத்தேன்."

மச்சான் கதிரையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சொல்ல ஏதோ ஒரு பகடி இருந்தது, நான் அறிவேன். சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய தண்டனையாகத் தோன்றியது.

புத்தகத்திலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்துவிடச் சொன்னேன். அச்சக முதலாளி நான்கு பக்கம் குறையும் என்றார், பரவாயில்லை என்றேன். இதை ஒரு பெருந்தன்மையாகச் சொல்லவில்லை. புத்தகம் வந்தபோது நான்கு பக்கம் குறைந்ததை எவரும் கவனிக்கவில்லை. அதுதான் என் ஆகச் சிறந்த கட்டுரை என்று நான் நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அடுத்த அழைப்பு நான்கு மாதம் கழித்து வந்தது. இந்தத் தரம் அக்காவே எடுத்தாள், முதல் ரிங்கில். எல்லாம் ஒழுங்காக நடந்தது. பாமசிக்காரர் தானே ஓட்டோவோடு வந்து மச்சானை இறக்கிக் கொண்டுபோனார். எனக்கு அவர்தான் அழைத்துச் சொன்னார். நான் எடுத்தேன். அந்தக் காலத்திற்குள் எந்த எண்ணாக இருந்தாலும் எடுக்கிறவனாக மாறியிருந்தேன். மூன்று காப்புறுதிக்காரர்களோடு நட்பே ஏற்பட்டிருந்தது.

மறுபடி ஸ்கான் எடுத்துப் பார்த்தார்கள். பெரிய டொக்டர் எங்களை வெளியே நடைபாதைக்கு அழைத்து, ஆங்கிலத்தில் தொடங்கி, அக்காவைப் பார்த்துச் சிங்களத்துக்கு மாறினார். நெஞ்சின் தசை முன்னர் பார்த்ததைவிடப் பலவீனமாகிவிட்டது. இப்போது வெட்டினால் அவர் மேசையிலிருந்து எழும்புவார் என்று சொல்ல முடியாது. மாத்திரையில் வைத்துக்கொள்வோம். எவ்வளவு காலம் என்று நான் கேட்டேன். அவர் தோளைக் கொஞ்சம் உயர்த்தினார். நான்கு மாதத்துக்கு முன் செய்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல டொக்டர் என்பதால் "அதை இப்போது சொல்ல முடியாது" என்றிருப்பார். அது எனக்கு ஆறுதலாக இருந்துவிடும் என்று பயந்தேன்.

அக்கா வாங்கில் உட்கார்ந்தாள். பாமசிக்காரர் சற்றுத் தள்ளிச் சுவர்ப் பக்கம் நின்றார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த மனுஷன்.

"அக்கா" என்றேன். "அன்னைக்கு நான் எடுத்திருந்தா..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் எதையாவது எதிர்பார்த்தேன் என்றால் அது திட்டு. அவளுக்குத் திட்டத் தெரியும். என் சிறுவயது முழுக்க அதற்குச் சாட்சி.

"அவரு உள்ளுக்குத் தனியா இருக்காரு" என்றாள். "காலையிலருந்து ஒண்ணும் குடிக்கல. இனி குடிக்கலாம்தானே. போய் ஒரு டீ வாங்கிட்டு வா. சீனி கொஞ்சமாப் போடச் சொல்லு."

நான் கன்டீனுக்குப் போனேன். வரிசை நீளமாக இருந்தது.